102 மீட்டர் ஏன் 90 மீட்டர் ஆனது? கொசைன் விதியும் ஹாவர்சைனும்

லண்டனின் கிரீனிச் வானாய்வகத்தில் இரண்டு பூஜ்ஜியக் கோடுகள் உண்டு. ஒன்று, ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளரின் தொலைநோக்கி நிற்கும் இடம் வழியாகச் செல்லும் பழைய கோடு. 1884-இல் உலகம் ஏற்றுக்கொண்ட தீர்க்கரேகை அதுதான், சுற்றுலாப் பயணிகள் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதும் அதன் மேல்தான். கையில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் அது அந்த இடத்தில் பூஜ்ஜியம் காட்டாது, மேற்கே 5.31 கோண வினாடி என்று காட்டும். கருவியில் பூஜ்ஜியம் வர இன்னும் கிழக்கே, பூங்காவுக்குள், ஏறத்தாழ 102 மீட்டர் நடக்க வேண்டும்.

இந்த 102 மீட்டரைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கப் பார்ப்போம். இரண்டு இடங்களும் ஒரே அட்சரேகையில், 51.4778 பாகையில் இருக்கின்றன. தீர்க்கரேகை வித்தியாசம் 5.31 வினாடி, அதாவது 0.001475 பாகை. பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாக வைத்துக்கொள்வோம். கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குப் பலரும் முதலில் கற்பது கோளக் கொசைன் விதி:

```
cos c = sin φ1 · sin φ2 + cos φ1 · cos φ2 · cos Δλ
d = R · c
```

இதில் φ அட்சரேகை, Δλ தீர்க்கரேகை வித்தியாசம், c பூமியின் மையத்தில் இரண்டு புள்ளிகளும் உண்டாக்கும் கோணம், ரேடியனில். வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, அதற்கு acos எடுத்தால் c கிடைக்கும். ஆரத்தால் பெருக்கினால் தூரம்.

ஒவ்வொரு படியிலும் 10 தசம இடங்கள் வரை மட்டும் எழுதி இதைச் செய்து பார்ப்போம். பத்து இலக்கம் என்பது சாதாரண வேலைகளுக்குத் தாராளம்தானே?

```
sin² φ            = 0.6120979610
cos² φ            = 0.3879020390
cos Δλ            = 0.9999999997
cos² φ · cos Δλ   = 0.3879020389
கூட்டுத்தொகை        = 0.9999999999
```

acos(0.9999999999) என்பது 0.0000141421 ரேடியன். 6371000-ஆல் பெருக்கினால் 90.1 மீட்டர். 12 மீட்டரைக் காணோம்.

கூட்டுத்தொகையின் உண்மையான மதிப்பு 0.9999999998715. பத்து இடத்துக்குச் சுருக்கும்போது அது 0.9999999999 ஆகிவிட்டது. அதற்கு அடுத்துக் கீழே எழுதக்கூடிய எண் 0.9999999998, அதற்கு உரிய தூரம் 127.4 மீட்டர். மேலே எழுதக்கூடிய எண் 1, அதற்கு உரிய தூரம் 0. ஆக, இந்தக் கணக்கால் சொல்ல முடிந்த தூரங்கள் 0, 90.1, 127.4, 156.1 என்று படிப்படியாகத்தான் இருக்கின்றன. 102 என்ற விடை அதன் வாயில் வரவே வராது. எவ்வளவு கவனமாகக் கூட்டிக் கழித்தாலும் வராது.

தவறு எங்கே நடக்கிறது

சூத்திரத்தில் தவறு இல்லை. இலக்கங்கள் எல்லையில்லாமல் இருந்தால் அது மிகச் சரியான விடையைத் தரும். சிக்கல், சிறிய தூரத்தை அது எந்த வடிவத்தில் சுமந்து செல்கிறது என்பதில் இருக்கிறது.

கோணம் சிறியதாக இருக்கும்போது cos c கிட்டத்தட்ட 1 − c²/2. நம் உதாரணத்தில் c²/2 என்பது 0.00000000012854. தூரத்தைப் பற்றிய முழுச் செய்தியும் இந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது. 1 என்பது எல்லாத் தூரத்துக்கும் பொதுவாக வரும் எண், அதனால் தூரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கொசைன் விதி இந்தச் சின்ன எண்ணைத் தனியாகக் கொடுப்பதில்லை, 1-இலிருந்து கழித்துக் கொடுக்கிறது. விளைவு 0.99999999987… என்று ஒன்பது ஒன்பதுகளோடு தொடங்குகிறது. நம்மிடம் இருந்த பத்து இலக்கங்களில் ஒன்பதை இந்த ஒன்பதுகளே தின்றுவிட்டன. தூரத்துக்கு மிஞ்சியது ஒரே ஓர் இலக்கம்.

ஒரு முழம் பூ எத்தனை கிராம் என்று அறிய, பூவோடு ஒருமுறையும் பூ இல்லாமல் ஒருமுறையும் லாரியை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது போன்ற வேலை இது. எடைமேடையில் கோளாறு ஒன்றும் இல்லை, லாரிக்கு அது சரியாகவே எடை காட்டும். ஆனால் அது பத்துப் பத்துக் கிலோவாக நகரும் கருவி.

வரைபடமாகப் பார்த்தால் இன்னொரு விதமாகப் புரியும். கொசைன் வளைவு 0 பாகையில் உச்சியில் இருக்கிறது, உச்சி தட்டையானது. அங்கே கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் உயரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாம் செய்வதோ தலைகீழ் வேலை: உயரத்தை வைத்துக் கோணத்தைக் கண்டுபிடிக்கிறோம். உயரத்தில் மயிரிழைப் பிழை இருந்தாலும் கோணத்தில் அது பெரிதாகிவிடும். உயரத்தில் பிழை δ என்றால், கோணத்தில் பிழை ஏறத்தாழ δ / sin c. தூரம் குறையக் குறைய வகுக்கும் எண் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழை acos-இல் பிறப்பதில்லை, அங்கே அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கூட்டுத்தொகையை 0.9999999999 என்று எழுதிய அந்த நொடியே 102 மீட்டர் என்ற செய்தி தொலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு துல்லியமான acos-ஐக் கொண்டுவந்தாலும் பயன் இல்லை.

கணினியில் எத்தனை மீட்டருக்குக் கீழே சிக்கல்

கணினி பத்து இலக்கத்தோடு நிற்பதில்லை. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் எண்ணில், அதாவது டபுளில், 1-க்குச் சற்றுக் கீழே எண்கள் 1.11 × 10⁻¹⁶ இடைவெளியில் அமைந்திருக்கின்றன. c²/2 இந்த ஓர் இடைவெளிக்குச் சமமாக இருக்கும்போது தூரம் எவ்வளவு என்று போட்டால் 9.5 சென்டிமீட்டர் வரும். டபுளில் கொசைன் விதி சொல்லக்கூடிய மிகச் சிறிய தூரம் அதுதான். அடுத்தது 13.4, பிறகு 16.4, பிறகு 19.0 சென்டிமீட்டர்.

பதினாறு இலக்கம் கொடுத்தும் எட்டு இலக்க அளவுக் கோணத்தில்தான் நிற்கிறோம் என்பதைப் பாருங்கள். c²-இலிருந்து c-க்கு வர வர்க்கமூலம் எடுக்கிறோம், அதனால் 10⁻¹⁶ என்ற எல்லை 10⁻⁸ ஆகிவிடுகிறது. சிறிய கோணங்களில் இலக்கங்களில் பாதி பறிபோகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால், எந்தக் கருவிக்கும் எல்லையை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

தூரத்தில் வரும் பிழையை மதிப்பிட எளிய வழி, R² · δ / d. டபுளுக்கு R² · δ ஏறத்தாழ 0.0045 சதுர மீட்டர். ஆகவே 1 மீட்டர் தூரத்தில் ஓர் இடைவெளிப் பிழைக்கு 4.5 மில்லிமீட்டர், 10 மீட்டரில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெருக்கலிலும் கூட்டலிலும் இரண்டு மூன்று இடைவெளிப் பிழைகள் சேரலாம் என்றாலும், கிரீனிச்சின் 102 மீட்டருக்கு டபுளில் கொசைன் விதி தாராளமாகப் போதும். கொசைன் விதி சிறு தூரத்துக்கு உதவாது என்று பல இடங்களில் ஒரே போடாக எழுதியிருப்பார்கள். சில மீட்டருக்கு மேற்பட்ட தூரங்களில், டபுளில், அது மிகைப்பேச்சு.

32 பிட் எண்ணில், அதாவது ஃப்ளோட்டில், கதையே வேறு. அங்கே 1-க்குக் கீழே இடைவெளி 5.96 × 10⁻⁸. சொல்லக்கூடிய மிகச் சிறிய தூரம் 2.2 கிலோமீட்டர். சுமார் 1.55 கிலோமீட்டருக்குக் குறைந்த எந்தத் தூரமும் 1 ஆகச் சுருங்கி 0 என்று வரும், அதைத் தாண்டினால் ஒரே தாவலில் 2.2 கிலோமீட்டர், அடுத்து 3.1 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரில்கூட ஓர் இடைவெளிப் பிழைக்கு 240 மீட்டர் போய்விடும்.

இப்போது யார் ஃப்ளோட் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். ஆர்டுவினோ யூனோ R3 பலகையில் `double` என்று எழுதினாலும் கிடைப்பது 4 பைட் எண்தான், அந்தப் பெயரை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. வரைகலைச் செயலிகளில் ஓடும் நிரல்களிலும் 32 பிட்தான் வழக்கம். அந்தப் பலகையில் ஜிபிஎஸ் தொகுதியைப் பொருத்தி, 200 மீட்டர் எல்லையைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்று கொசைன் விதியால் எழுதினால், ஒன்றரைக் கிலோமீட்டர் போகும்வரை பெரும்பாலும் மணி அடிக்காது.

ஹாவர்சைன் என்ன செய்கிறது

தீர்வு கொசைன் விதிக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு வேண்டியது cos c அல்ல, 1 − cos c. அதைக் கழித்துப் பெறாமல் நேராகக் கணக்கிட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்த cos(A − B) விரிவை எடுத்துக்கொள்வோம். cos Δφ = sin φ1 sin φ2 + cos φ1 cos φ2. இதிலிருந்து sin φ1 sin φ2-ஐக் கொசைன் விதியில் இட்டால்:

```
cos c     = cos Δφ − cos φ1 · cos φ2 · (1 − cos Δλ)
1 − cos c = (1 − cos Δφ) + cos φ1 · cos φ2 · (1 − cos Δλ)
```

இரண்டாவது வரியில் எல்லா இடத்திலும் 1 − cos என்ற வடிவமே வந்துவிட்டது. இப்போது 1 − cos x = 2 sin²(x/2) என்ற சமன்பாட்டைப் போட்டு, இருபுறமும் இரண்டால் வகுத்தால்:

```
h = sin²(Δφ/2) + cos φ1 · cos φ2 · sin²(Δλ/2)
d = 2 · R · asin(√h)
```

இதுதான் ஹாவர்சைன் சூத்திரம். h என்பது (1 − cos c)/2, அதாவது sin²(c/2). கொசைன் விதியைத் தவிர வேறு எந்தப் புதிய வடிவியலும் இதில் இல்லை. 1 என்ற லாரியைக் காகிதத்திலேயே இறக்கிவிட்டு, பூவை மட்டும் தராசில் வைக்கிறோம்.

வேறுபாடு சைனில் இருக்கிறது. கொசைனுக்கு 0-வில் தட்டையான உச்சி, சைனுக்கு அதே 0-வில் நேர்ச்சரிவு. சிறிய x-க்கு sin x கிட்டத்தட்ட x தான். உள்ளே போன கோணத்தின் இலக்கங்கள் அப்படியே வெளியே வருகின்றன. h-இல் இருக்கும் இரண்டு உறுப்புகளும் எதிர்மறை ஆவதில்லை, அவை கூட்டப்படுகின்றன, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதில்லை.

கிரீனிச் கணக்கை மறுபடி, பத்து முக்கிய இலக்கங்களோடு செய்வோம். Δφ பூஜ்ஜியம், முதல் உறுப்பு போய்விடுகிறது.

```
Δλ/2        = 1.287180323 × 10⁻⁵
sin²(Δλ/2)  = 1.656833 × 10⁻¹⁰
h           = 6.426890 × 10⁻¹¹
√h          = 8.016788 × 10⁻⁶
d           = 2 × 6371000 × 8.016788 × 10⁻⁶ = 102.15 மீட்டர்
```

இடம் கருதி ஏழு இலக்கங்களோடு நிறுத்தியிருக்கிறேன், அதற்கே 102.15 கிடைத்துவிட்டது.

முக்கிய இலக்கங்கள் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு பத்துத் தசம இடங்கள் என்றேன். கொசைன் கணக்கில் இரண்டும் ஒன்றே, ஏனென்றால் எண் 0.9 என்று தொடங்குகிறது. இங்கே அப்படி இல்லை. h-ஐப் பத்துத் தசம இடத்தோடு எழுதினால் 0.0000000001 ஆகி, ஹாவர்சைனும் 127 மீட்டர் என்று உளறும். 6.426890 × 10⁻¹¹ என்று அடுக்கைத் தனியாக வைத்து எழுதுவதால்தான் அது பிழைக்கிறது. கணினியின் ஃப்ளோட்டும் டபுளும் எண்ணைச் சேமிப்பது இப்படித்தான்: பூஜ்ஜியத்துக்கு அருகே அவற்றின் இடைவெளி மிக மிக நுண்ணியது, 1-க்கு அருகே அவ்வளவு நுண்மை கிடையாது. செய்தியை 1-க்கு அருகிலிருந்து பூஜ்ஜியத்துக்கு அருகே நகர்த்தி வைப்பதுதான் ஹாவர்சைன் செய்யும் ஒரே வேலை. அடுக்கு இல்லாத நிலைப்புள்ளிக் கணக்கில் அதற்கு இந்தப் பலன் கிடையாது.

பழைய மாலுமிகளுக்கும் இது பயன்பட்டது. 1 − cos என்பதற்கு வெர்சைன் என்று பெயர், நம் சித்தாந்த வானியல் நூல்களில் அது உத்க்ரம ஜ்யா. அதில் பாதி ஹாவர்சைன். அந்தப் பெயரை 1835-இல் வைத்தவர் ஆங்கிலேயக் கடலோடிக் கணிதர் ஜேம்ஸ் இன்மன். அவர்கள் மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள். கொசைன் எதிர்மறை ஆனால் மடக்கை கிடையாது, ஹாவர்சைன் எப்போதும் 0-வுக்கும் 1-க்கும் இடையே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மடக்கை அட்டவணையும் ஒரு வகையில் அடுக்கைத் தனியாக வைக்கும் முறைதான்.

நீங்களே ஓட்டிப் பார்க்க

```python
from math import radians, sin, cos, acos, asin, sqrt
R = 6371000

def cosine_m(p1, l1, p2, l2):
    a, b, d = radians(p1), radians(p2), radians(l2 - l1)
    return R * acos(sin(a)*sin(b) + cos(a)*cos(b)*cos(d))

def haversine_m(p1, l1, p2, l2):
    x = radians(p2 - p1) / 2
    y = radians(l2 - l1) / 2
    h = sin(x)**2 + cos(radians(p1))*cos(radians(p2))*sin(y)**2
    return 2 * R * asin(sqrt(min(1, h)))

for d in (0.0000005, 0.000001, 0.000003, 0.00001):
    print(d, cosine_m(0, 0, 0, d), haversine_m(0, 0, 0, d))
```

இரண்டு புள்ளிகளையும் நிலநடுக்கோட்டில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே sin φ பூஜ்ஜியம், cos φ ஒன்று, எனவே கொசைன் விதியில் cos Δλ மட்டும் மிஞ்சுகிறது. கூட்டல் பெருக்கல் பிழைகள் கலக்காமல், நாம் பேசும் பிழை மட்டும் தெரியும். 0.0000005 பாகைக்கு ஹாவர்சைன் 5.6 சென்டிமீட்டர் என்று சொல்ல, கொசைன் விதி 0 என்கிறது. 0.000001 பாகைக்கு 11.1 சென்டிமீட்டர் வர வேண்டும், கொசைன் 9.5 தருகிறது. மேலே சொன்ன முதல் படி அதுதான். 0.000003 பாகையில் 33.4-க்குப் பதில் 32.9. 0.00001 பாகையில், அதாவது ஒரு மீட்டரைத் தாண்டியதும், 111.19-க்குப் பதில் 111.12. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

நிலநடுக்கோட்டை விட்டு வேறு அட்சரேகைகளுக்குப் போனால் இன்னொரு கோளாறு தலைகாட்டும். ஒரே புள்ளியை இருமுறை கொடுத்தால் sin² φ + cos² φ சரியாக 1 வர வேண்டும். கடைசி இலக்கத்தைச் சுருக்கி எழுதும் முழுமையாக்கலில் சில அட்சரேகைகளுக்கு அது 0.9999999999999999 ஆகும், அப்போது ஒரு புள்ளி தனக்குத் தானே 9.5 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வரும். வேறு சிலவற்றுக்கு 1.0000000000000002 ஆகும். 1-ஐத் தாண்டிய எண்ணுக்கு acos கிடையாது. பைத்தான் `ValueError` என்று நின்றுவிடும், ஜாவாஸ்கிரிப்ட் `NaN` தரும், போஸ்ட்கிரெஸ் `input is out of range` என்று வினவலையே நிறுத்தும். மைஎஸ்க்யூஎல் சத்தமில்லாமல் `NULL` தரும், இதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளைப் பட்டியலிடச் சொன்னால், நாம் நிற்கும் இடத்திலேயே இருக்கும் கடை மட்டும் பட்டியலில் இருக்காது. `NULL < 5` உண்மை ஆவதில்லையே.

இதற்குப் பலரும் செய்வது, `LEAST(1, …)` என்று ஒரு தடுப்பு வைப்பது. நிரல் நிற்காமல் ஓடும், ஆனால் தொலைந்த இலக்கங்கள் திரும்பி வரப்போவதில்லை. மேலே ஹாவர்சைனிலும் `min(1, h)` வைத்திருக்கிறேன். அது வேறு காரணத்துக்கு: பூமியின் நேரெதிர்ப் புள்ளிகளுக்கு h 1-ஐ நெருங்கும்.

ஹாவர்சைனிலேயே பிழையைத் திரும்பக் கொண்டுவருவது

பெயர் ஹாவர்சைன் என்று இருந்தால் மட்டும் போதாது. h-க்குள் `(1 - cos(x)) / 2` என்று எழுதப்பட்ட நிரல்களைப் பார்க்கலாம். கணிதத்தில் அது sin²(x/2)-க்குச் சமம், வரையறையும் அதுவே. ஆனால் cos(x)-ஐக் கணக்கிட்ட கணத்திலேயே லாரி மறுபடி தராசில் ஏறிவிட்டது. பிறகு 1-இலிருந்து கழித்தால் மிஞ்சுவது முழுமையாக்கல் குப்பை. சைனின் வர்க்கமாக எழுதினால்தான் பலன்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். ஹாவர்சைனும் φ2 − φ1 என்று நெருங்கிய இரண்டு எண்களைக் கழிக்கிறதே, அங்கே இலக்கங்கள் போகாதா? போகாது. இரண்டு எண்களில் ஒன்று மற்றதன் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே இருந்தால், கணினி அவற்றைக் கழிக்கும்போது முழுமையாக்கலே நடப்பதில்லை, விடை துல்லியமாகக் கிடைக்கும். கழித்தல் தானாகப் பிழையை உண்டாக்காது. ஏற்கெனவே முழுமையாக்கப்பட்ட எண்களில் ஒளிந்திருந்த பிழையை அது வெளியே காட்டும், அவ்வளவே. cos c பல படிகளைக் கடந்து வந்த எண், அதன் கடைசி இலக்கம் நம்பத்தக்கதல்ல. φ1, φ2 இரண்டும் நாம் கொடுத்த உள்ளீடுகள். இதனால்தான் நிரலில் பாகையிலேயே கழித்துவிட்டு அப்புறம் `radians` போட்டிருக்கிறேன். டபுளில் வரிசையை மாற்றினாலும் ஒன்றும் தெரியாது, ஃப்ளோட்டில் தெரியும்.

ஃப்ளோட்டில் உள்ளீடே ஒரு தடை. 64 முதல் 128 பாகை வரையுள்ள தீர்க்கரேகைகளில், இந்தியாவும் இலங்கையும் முழுக்க அதில் அடங்கும், 32 பிட் எண்ணின் இடைவெளி 0.0000076 பாகை. நிலநடுக்கோட்டருகே அது 85 சென்டிமீட்டர். சூத்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு புள்ளிகளும் இந்தக் கட்டங்களில் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அதன் கைக்கு வருகின்றன. ஆர்டுவினோ யூனோ போன்ற பலகைகளில் இதற்கு எளிய வழி, ஆயத்தொலைவுகளைப் பாகையின் ஒரு கோடியில் ஒரு பங்காக, 32 பிட் முழு எண்ணாக வைத்துக்கொள்வது. பல ஜிபிஎஸ் தொகுதிகள் அந்த வடிவிலேயே தரவும் செய்கின்றன. முழு எண்ணாகவே கழித்து, கிடைத்த சிறிய வித்தியாசத்தை மட்டும் ஃப்ளோட்டாக மாற்றி ஹாவர்சைனுக்குக் கொடுத்தால் சென்டிமீட்டர் வரை நிலைக்கும்.

பூமியின் மறுபக்கம் இருக்கும் புள்ளிகளுக்கு நிலைமை தலைகீழ். அங்கே h 1-ஐ நெருங்குகிறது, asin-க்கு அந்த முனை செங்குத்து, பழைய கதை மறுபடி தொடங்குகிறது. `atan2(sqrt(h), sqrt(1-h))` என்று எழுதினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உள்ளே 1 − h கழிக்கப்படுவதால் இலக்கங்கள் அங்கேயும் போகின்றன. ஆனால் டபுளில் இந்தப் பிழை 20,000 கிலோமீட்டர் தூரத்தில் சில பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது, அதற்காகக் கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சென்டிமீட்டருக்கு இவ்வளவு பாடுபட்ட பிறகு, கிரீனிச்சின் 102.15 மீட்டரை மறுபடி பாருங்கள். பூமி கோளம் அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையான நீள்வட்டக் கோளம். ஜிபிஎஸ் பயன்படுத்தும் அந்த வடிவத்தில் அதே 5.31 வினாடியைக் கணக்கிட்டால் 102.47 மீட்டர் வருகிறது. 32 சென்டிமீட்டர் வித்தியாசம். ஹாவர்சைனில் பிழை இல்லை, 6371 என்ற ஒற்றை ஆரத்தில் இருக்கிறது. தூரம் கூடக் கூட இந்தப் பிழையும் அதே விகிதத்தில் வளரும், 100 கிலோமீட்டரில் 300 மீட்டர், சில இடங்களில் 500-க்கும் மேல் போகலாம். சதுர அடிக் கணக்கில் நிலம் அளப்பவருக்கு ஹாவர்சைன் போதாது, வின்சென்டி போன்ற நீள்வட்ட முறைகளுக்குப் போக வேண்டும். நடைப்பயிற்சிச் செயலிக்கோ, வினாடிக்கு ஒரு முறை ஒன்றரை மீட்டர் தள்ளி விழும் புள்ளிகளைக் கூட்டும்போது, 0.3 சதவீதம் தெரியாது. கொசைன் விதியை ஃப்ளோட்டில் போட்டிருந்தால் மட்டும், எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் மொத்தம் 0 என்றோ அர்த்தமற்ற ஓர் எண்ணையோதான் காட்டும்.